மூட்போர்டில் தலையாட்டியவர் படத்தைப் பார்த்து ஏன் முகம் சுளிக்கிறார்?

பெங்களூரில் பதினான்கு வருடமாக விளம்பரப் படங்களுக்கு ஆர்ட் டைரக்‌ஷன் செய்கிறேன். படம் எப்படித் தெரிய வேண்டும் என்று பேச, முதலில் மாதிரிப் படங்களைத் திரட்டி ஒரே பலகையில் வைப்போம், அதுதான் மூட்போர்டு. அதைப் பற்றியும், அடுத்து வரும் ஸ்டைல் ஃப்ரேம் பற்றியும் இங்கே இருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

கோரமங்களா, அனிமேட்டர்: மூட்போர்டைப் பார்த்து "சூப்பர்" என்றார்கள். அதன்படிதான் அனிமேட் செய்தேன். இப்போது "நாங்க கேட்டது இது இல்ல" என்கிறார்கள். நான் எங்கே தப்பு செய்தேன்?

எதைப் பார்த்து "சூப்பர்" என்றார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கும் இது நடந்தது. சிறுதானியத் தின்பண்டத்துக்கு 40 விநாடிப் படம். செம்மண் முற்றத்தில் ராகி காயும் ஒரு புகைப்படத்தை மூட்போர்டில் வைத்திருந்தேன். நான் எடுத்துக்கொண்டது அந்தச் செம்மண் நிறத்தை. கம்பெனி நடத்தும் அம்மா எடுத்துக்கொண்டது தானியத்தின் சொரசொரப்பை. நான் வழவழப்பான தட்டைச் சித்திரமாகக் கொண்டுபோனேன். "ராகி எங்கேப்பா?" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வரி எழுதுகிறேன்: "இதிலிருந்து நிறம் மட்டும், வெளிச்சம் இல்லை" என்பதுபோல. படங்களும் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. நாற்பது வைத்தால் ஆளுக்கொரு படம் மனதில் ஓடும்.

ஜெயநகர், ஸ்கிரிப்ட் எழுதுபவர்: மூட்போர்டு, ஸ்டோரிபோர்டு இரண்டும் இருக்கும்போது ஸ்டைல் ஃப்ரேம் வீண் செலவுதானே?

ஒரே பிராண்டுக்கு ஐந்தாவது படம், அதே தோற்றம் என்றால் நீங்கள் சொல்வது சரி. புதுப் படமென்றால் இல்லை. மூட்போர்டில் இருப்பவை அடுத்தவர் படங்கள். ஸ்டோரிபோர்டு என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லும். ஸ்டைல் ஃப்ரேம் என்பது நம் படத்திலிருந்தே ஒரு காட்சி, 1920×1080 முழு அளவில், கடைசியில் திரையில் எப்படி வருமோ அப்படியே.

நான் மூன்று செய்வேன். அழகாக வரக்கூடியதைத் தேர்ந்தெடுப்பதில்லை. கூட்டம் மிகுந்த காட்சி ஒன்று, எழுத்து அதிகமுள்ளது ஒன்று, கிட்டத்தட்ட காலியானது ஒன்று. ராகிப் படத்தில் எழுத்துக் காட்சியை ஆங்கிலத்தில் செய்து, வரிகளை நெருக்கி அடுக்கியிருந்தேன். கன்னடத்தில் ஒத்தெழுத்துகள் வரிக்குக் கீழே தொங்கும். மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடித்தது. தமிழில் வேறு தொல்லை, சொல் நீளம்: "ஊட்டச்சத்து நிறைந்தது" அந்தப் பெட்டிக்குள் அடங்கவே இல்லை. வெளியிடப்போகும் எல்லா மொழியிலும் அந்த ஒரு ஃப்ரேமைச் செய்துவிடுங்கள்.

ஒயிட்ஃபீல்டு, வீடு கட்டிக்கொண்டிருப்பவர்: ஹாலுக்கு மூட்போர்டு செய்ய எந்த ஆப் நல்லது?

சார், நாம் பேசுவது படத்துக்கு. ஆனாலும் ஒன்று: லேமினேட் துண்டை வாங்கிவந்து, உங்கள் ஹால் விளக்கில் ராத்திரி பாருங்கள். ஆப்பில் தெரிவது அந்த நிறம் அல்ல.

இந்திராநகர், 3டி கலைஞர்: ஸ்டைல் ஃப்ரேம் அட்டகாசமாக வந்தது. ஓகேயும் ஆனது. இப்போது தயாரிப்பில் கழுத்தை நெரிக்கிறது.

உங்கள் ஃப்ரேமைக் கணினி கணக்கிட்டு முழுப் படமாக ரெண்டர் செய்ய எவ்வளவு நேரம் பிடித்தது? 12 நிமிடம் என்று வைப்போம். 40 விநாடி, விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 1000 ஃப்ரேம். ஒரே மெஷினில் 200 மணி நேரம், எட்டு நாளுக்கு மேல் ஓயாமல் ஓட வேண்டும். ஒரு ஷாட்டில் உருவத்தை மாற்றச் சொன்னால் அந்த ஷாட் மறுபடி முதலிலிருந்து. அதனால் கிளையன்ட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய ராத்திரியே இரண்டு விநாடியை ஓட்டிப் பாருங்கள். 50 ஃப்ரேம், பத்து மணி நேரம், காலையில் தெரிந்துவிடும்.

டெக்ஸ்ச்சரையும் அப்போதே பார்த்துவிடலாம். தூரிகைத் தடத்தைத் திரையோடு ஒட்டியிருந்தால், உருவம் நகரும்போது சல்லடைத் துணிக்குப் பின்னால் நடப்பதுபோல் இருக்கும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புதிதாகப் போட்டால் கொதிக்கிற மாதிரி துடிக்கும். அசையாத படத்தில் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது.

மல்லேஸ்வரம், கலரிஸ்ட்: நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கிளையன்ட் ஓகே சொல்வது போனில், அதுவும் வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய படத்தில். படத்தின் மேல் பொடிப்புள்ளியாகத் தெரியும் மெல்லிய கிரெய்ன் அங்கேயே போய்விடும். ராத்திரி மோடு இருந்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும்.

உண்மை, விட்டுவிட்டேன். நான் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புகிறேன், ஒரு முறையாவது மானிட்டர் முன்னால் சேர்ந்து உட்காருகிறேன். ஆனால் மக்களும் படத்தைப் போனில்தான் பார்க்கப்போகிறார்கள். கிரெய்ன் அங்கே நிற்கவில்லை என்றால் அதை நம்பித் தோற்றத்தைக் கட்டக் கூடாது என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அல்சூர், ஃப்ரீலான்சர்: வேலை கிடைப்பதற்கு முன்பே ஸ்டைல் ஃப்ரேம் இலவசமாகக் கேட்கிறார்கள். தரலாமா அண்ணா?

மூட்போர்டு தாருங்கள் தம்பி, அரை நாள் வேலை. ஸ்டைல் ஃப்ரேம் ஒன்றுக்கு எனக்கு இரண்டு நாள் ஆகும். அதை இலவசமாக வாங்கிக்கொண்டு, வேறொருவரை வைத்து முழுப் படத்தையும் எடுத்த இடமும் உண்டு. அப்படியிருந்தும், மிகவும் ஆசைப்பட்ட வேலைக்குப் போன வருடம் ஒன்று செய்து கொடுத்தேன். அது கிடைத்தது. அதனால் கொடுக்கவே கூடாது என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.