மூன்று மாதம் கழித்துக் கட்டும் டொலருக்கு இன்றே விலை

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கடை. சீனாவிலிருந்து தண்ணீர்ப் பம்புகள். மூன்று மாதத்தில் 20,000 டொலர் கட்டவேணும். ஃபோர்வேர்ட், அதாவது பின்னர் எடுக்கும் டொலருக்கு வங்கியோடு இன்றே விலை பேசிவைக்கும் ஒப்பந்தம், போடலாமா?

போடலாம், ஆனால் திகதியில் கவனம். இன்றைய விலை 300 ரூபாய், ஆண்டு வட்டி ரூபாய்க்கு 8, டொலருக்கு 4 வீதம் என்று வையுங்கள். மூன்று மாதத்துக்கு வட்டி அதில் கால்வாசி, 2 வீதமும் 1 வீதமும்; ஆகவே மூன்று மாத விலை 300 × 1.02 ÷ 1.01, அதாவது ஏறத்தாழ 302.97, வங்கியின் இலாபம் வேறு. கூடுதலான 2.97 வட்டி வித்தியாசம்தான், டொலர் ஏறும் என்ற கணிப்பல்ல.

ஓடர் ரத்தானாலும் ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும். அன்று வங்கி டொலரை 295க்குத்தான் வாங்குமென்றால், 302.97க்கு எடுத்ததை அந்த விலைக்கே திருப்பி விற்கவேணும்: 1,59,400 ரூபாய் நட்டம். டொலர் ஏறியிருந்தால் தப்பலாம், அது அதிர்ஷ்டம்.

கப்பல் பிந்தும் என்று சந்தேகமிருந்தால், ஒரே நாளுக்குப் பதிலாக இரண்டு திகதிகளுக்கிடையே எடுக்கும் வசதியைக் கேளுங்கள். விலை சற்றுக் கூடும்.