உறியடி வீடியோவில் பானை உடையும் நொடியை மட்டும் ஸ்லோமோஷனில் காட்டுவது எப்படி?

கேள்வி: "ரீல்ஸுக்காக உறியடி எடுத்தேன். பானை உடையும் இடத்தில் ஸ்பீட் ராம்ப் போட்டால் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றுகிறதாம். எங்கே தப்பு?"

பெரும்பாலும் தப்பு கேமரா அசைவில்தான் இருக்கும். உறியடியில் பானையைக் கயிற்றில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். நாமும் போனைத் தூக்கி அதைத் துரத்துவோம். ஸ்பீட் ராம்பில், அதாவது ஒரே கிளிப்பில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது, உடைப்புக்கு முன் வேகத்தை 3x ஆக்கினால் அந்தக் கை அசைவும் மூன்று மடங்காகும். பின்னணி மொத்தமும் பாய்கிற மாதிரி தெரியும், தலை சுற்றுவது அதனால்தான். அதனால் போனை ட்ரைபாடில் நிறுத்தி, பானை ஏறி இறங்கும் தூரம் முழுவதும் அடங்குகிற அளவுக்கு அகலமாக ஃப்ரேம் வையுங்கள். ஏற்கெனவே கையில் பிடித்து எடுத்துவிட்டீர்கள் என்றால், வேகத்தை 1x-க்கு மேல் ஏற்றவே வேண்டாம். 1x-இலிருந்து மெதுவாக்கி, திரும்ப 1x-க்கே வந்தால் போதும்.

எடுக்கும்போது 120 fps வையுங்கள். டைம்லைன் 30 fps என்றால் 0.25x வரை ஒவ்வொரு ஃப்ரேமும் நிஜமாக எடுத்ததாகவே இருக்கும். அதற்குக் கீழே போனால் ஆப் ஒரே ஃப்ரேமைத் திரும்பக் காட்டும், அல்லது இடையில் ஃப்ரேம்களைக் கற்பனையாக நிரப்பும்; கற்பனை ஃப்ரேம் என்றால் சிதறும் தண்ணீரில் அது உடனே காட்டிக்கொடுக்கும், துளிகள் ஜெல்லி மாதிரி இழுபடும். சில போன்களின் ஸ்லோமோ மோடு, சேமிக்கும்போதே மெதுவாக்கிவிடும். அந்த ஃபைலை முதலில் 4x ஆக்கினால்தான் இயல்பான வேகம் வரும்.

இனி கர்வ், அதாவது வேகம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு. CapCut-இல் Speed, Curve, Custom என்று போங்கள். கம்பு பானையில் படும் ஃப்ரேமைத் தேடி அங்கே ஒரு புள்ளி வையுங்கள். பலரும் மெதுவாக்கலை அந்த ஃப்ரேமில்தான் தொடங்குகிறார்கள். அதற்குள் ஓடு விரிந்துவிடும், பார்க்க வேண்டியது போய்விடும். கம்பு மேலிருந்து இறங்கத் தொடங்கும்போதே வேகம் குறையத் தொடங்க வேண்டும். படுவதற்குச் சற்று முன்பே 0.25x-ஐத் தொட்டிருக்க வேண்டும். நிஜத்தில் 0.4 நொடி இருக்கும் உடைப்பு, திரையில் 1.6 நொடியாகும். ரீல்ஸுக்கு அது தாராளம்.

திரும்பும் சரிவை இறங்கும் சரிவைப்போல் இரண்டு மடங்கு நீளமாக விடுங்கள். தண்ணீர் தரையில் விழுந்து முடியும்போது 1x வந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். கர்வ் செங்குத்தாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு குலுக்கல் தெரியும். புள்ளிகளைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். ஒரு வீடியோவில் ஒரே ஒரு ராம்ப்தான். மூன்று வைத்தால் எது முக்கியம் என்றே பார்ப்பவருக்குத் தெரியாது.

ஒலியைக் கிளிப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். மெதுவாக்கினால் கூட்டத்தின் கூச்சல் உறுமலாக மாறிவிடும். கூச்சலை இயல்பான வேகத்தில் ஓடவிட்டு, கம்பு படுவதற்கு அரை நொடி முன்பு நன்றாகக் குறைத்து, 'டப்' சத்தத்தைக் கம்பு படுகிற அதே ஃப்ரேமில் வையுங்கள்.