14,044 ரூபாயை வங்கிக் கட்டணத்தில் தள்ளலாமா?

கேள்வி: கோத்தகிரியில் விதை, உரக் கடை நடத்துகிறேன். மார்ச் 31 அன்று என் ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு ரூ.1,86,450. வங்கி ஸ்டேட்மென்ட்டில் ரூ.2,21,156 இருக்கிறது. நான் கொடுத்து இன்னும் வங்கிக்குப் போகாத மூன்று காசோலைகளை (28,500, 46,200, 6,800) கழித்தேன். 31-ஆம் தேதி மாலை வங்கியின் காசோலைப் பெட்டியில் போட்ட 32,750 ரூபாயைக் கூட்டினேன். ரூ.1,72,406 வருகிறது. அப்படியும் 14,044 ரூபாய் இடிக்கிறது. "அது வங்கிக் கட்டணமாகத்தான் இருக்கும், அப்படியே எழுதிவிடலாம்" என்கிறான் என் தம்பி மகன். ஆடிட்டர் வங்கிச் சரிகட்டும் பட்டியல் கேட்கிறார். ஸ்டேட்மென்ட், ஏட்டின் நகல், காசோலை அடிக்கட்டைகளின் நகல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தேன். அந்த 14,044 ரூபாயில் வங்கிக் கட்டணம் 944 ரூபாய்தான். மற்றது உங்களுக்கு ஒருவரிடமிருந்து வரவேண்டிய பணமும், ஏட்டில் எண் மாறி விழுந்த ஒரு பிழையும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்ததால் கூட்டுத்தொகை இப்படி ஒரு விநோத எண்ணாக நிற்கிறது. தம்பி மகன் சொன்னபடி செய்திருந்தால் பட்டியல் அழகாகச் சமமாகியிருக்கும். வரவேண்டிய 14,000 ரூபாய் செலவுக் கணக்கில் கரைந்து போயிருக்கும்.

உங்கள் வேலையில் பாதி சரியாகவே இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன். 28,500, 46,200 ஆகிய இரண்டு காசோலைகளும் மார்ச் கடைசி வாரத்தில் தேதியிட்டவை. மேட்டுப்பாளையத்திலிருந்தும் கோவையிலிருந்தும் மேலே வரும் விற்பனைப் பிரதிநிதிகள் காசோலைகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சுற்று முடிந்து கீழே இறங்கிய பிறகுதான் வங்கியில் போடுவார்கள். நீங்கள் கொடுத்த அன்றே ஏட்டில் கழித்துவிட்டீர்கள். வங்கிக்கு அது இன்னும் தெரியாது. 32,750 ரூபாயும் அதே கதைதான், திசை மட்டும் மாறியது. பெட்டியில் போட்ட மாலையே ஏட்டில் வரவு வைத்தீர்கள். மறுநாள் ஏப்ரல் 1, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள் என்பதால் வங்கியில் வாடிக்கையாளர் சேவை கிடையாது. இந்த மூன்றுக்கும் ஏட்டில் நீங்கள் எதையும் எழுத வேண்டியதில்லை. நாள் நகர்ந்தால் தானாகவே சரியாகிவிடும். பட்டியலில் காட்டினால் போதும்.

ஆனால் தானாகச் சரியானதா என்பதை ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 2025 அக்டோபர் 4 முதல் காசோலைத் தீர்வு முறை மாறிவிட்டது. வங்கி ஸ்கேன் செய்து அனுப்பும் காசோலைக்கு, பணம் தரவேண்டிய வங்கி அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனவே பெட்டியில் போட்ட காசோலை மூன்று நான்கு வேலை நாள்கள் ஆகியும் வரவில்லை என்றால் அதை 'வழியில் இருக்கும் பணம்' என்று பட்டியலில் சுமந்துகொண்டிருக்காதீர்கள். கிளைக்குப் போய்க் கேளுங்கள். பெட்டியில் போடும்போது கையில் ரசீது கிடைப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். பெரிய தொகையைக் கவுன்ட்டரில் கொடுத்து முத்திரை வாங்குவதே எனக்குப் பிடித்த வழி.

மூன்றாவது காசோலை, அந்த 6,800 ரூபாய், இந்த வரிசையில் சேராது. லாரிக்காரருக்கு டிசம்பர் 10 தேதியிட்டுக் கொடுத்தது அது. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான். மார்ச் 10-ஆம் தேதியோடு அது காலாவதியாகிவிட்டது. இனி யாரும் அதைக் கொண்டுபோய்ப் பணமாக்க முடியாது என்பதால், 'இன்னும் பணமாக்கப்படாத காசோலை' என்று காட்டுவது தவறு. அந்தப் பணம் இப்போதும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. ஏட்டில் 6,800 ரூபாயை வங்கிக்குத் திரும்ப வரவு வைத்து, லாரிக்காரர் கணக்கில் அவருக்குத் தரவேண்டிய பாக்கியாகக் காட்டுங்கள். வருமானமாக எழுதிவிடாதீர்கள்; காசோலைதான் செத்தது, கடன் சாகவில்லை. அவரிடம் பேசி, பழைய காசோலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று கொடுங்கள் அல்லது நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி, இடிக்கிற தொகை. இதைக் கண்டுபிடிக்க ஸ்டேட்மென்ட்டை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக, ஏட்டோடு ஒப்பிட்டு டிக் போட வேண்டும். நீங்கள் செய்தது தலைகீழ்: ஏட்டை வைத்துக்கொண்டு ஸ்டேட்மென்ட்டில் தேடியிருக்கிறீர்கள். அப்படித் தேடினால் ஏட்டில் இருப்பது மட்டுமே கண்ணில் படும். வங்கி தானாகச் செய்தது எதுவும் படாது. ஒரு வழியில் டிக் போட்டு முடித்ததும் மறுவழியிலும் ஒருமுறை போட வேண்டும். இருபுறமும் டிக் இல்லாமல் மிஞ்சுபவைதான் பட்டியலுக்கான சரக்கு.

உங்கள் ஸ்டேட்மென்ட்டில் டிக் இல்லாத வரிகள் மூன்று. மார்ச் 28 அன்று கணக்குப் பராமரிப்புக்காக 590 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். 500 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90. அடுத்தது மார்ச் 19, 354 ரூபாய்: 300-உம் 54-உம். இது ஏன் என்று பார்த்தால் அதற்கு மேல் வரியிலேயே விடை இருக்கிறது. அதே நாளில் 14,000 ரூபாய் பற்று வைத்திருக்கிறார்கள். கட்டபெட்டுப் பக்கத்து விவசாயி கேரட் விதைக்காகக் கொடுத்த காசோலை, கணக்கில் போதிய பணம் இல்லாமல் திரும்பியிருக்கிறது. முந்தைய நாள் அதே தொகை வரவாகத் தெரிந்ததால் நீங்கள் அதற்கு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். வரவு வந்த மறுநாளே அது எடுக்கப்பட்டது கண்ணில் படவில்லை. காசோலை வரவு எதற்கு டிக் போட்டாலும் அடுத்த இரண்டு மூன்று நாள்களின் பற்று வரிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இந்த மூன்றையும் கூட்டினால் 14,944. உங்களுக்கு இடிப்பதோ 14,044. இப்போது 900 ரூபாய் எதிர்ப்பக்கம் மிஞ்சுகிறது. கணக்கு எழுதுபவர்கள் இப்படி ஓர் எண்ணைப் பார்த்ததும் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 900 வகுபடுகிறது. அதுவும் நூறுகளாக இருப்பதால் இடம் மாறியது ஆயிரத்துக்கும் நூறுக்கும் இடையில் என்று ஊகிக்கலாம். தேடினேன், கிடைத்தது: மார்ச் 11 அன்று கோணிப்பை வாங்கியதற்கான காசோலை. அடிக்கட்டையில் 4,560, வங்கி கொடுத்ததும் 4,560, ஏட்டில் மட்டும் 5,460. அடிக்கட்டையும் வங்கியும் ஒத்துப்போவதால் பிழை ஏட்டில்தான். ஒன்பது விதி ஒரு துப்பு மட்டுமே, சாட்சியம் அல்ல; எழுத விட்டுப்போன 900 ரூபாய் வரவு ஒன்று இருந்தாலும் இதே எண்தான் வரும். அதனால்தான் அடிக்கட்டையைப் பார்க்காமல் திருத்தக் கூடாது. வங்கியில் 900 கூடும்போது பைக்காரர் கணக்கிலும் அதே 900-ஐத் திருத்த மறக்காதீர்கள். இல்லையென்றால் அவருக்கு அதிகம் கொடுத்ததாகவே பேரேடு சொல்லிக்கொண்டிருக்கும்.

பட்டியலை இரண்டு பாகமாக எழுதுங்கள். முதலில் ஏட்டைத் திருத்துங்கள். இவை அத்தனையும் மார்ச் மாதத்துக்கு உரியவை, ஆகவே மார்ச் 31 தேதியிலேயே பதிவு போட வேண்டும்.

ரொக்க ஏட்டின்படி இருப்பு: 1,86,450
கூட்டுக: காலாவதியான காசோலை 6,800
கூட்டுக: கோணிப்பைக் காசோலைப் பிழை 900
கழிக்க: திரும்பிய காசோலை 14,000
கழிக்க: வங்கிக் கட்டணங்கள் (590 + 354) 944
திருத்திய ஏட்டு இருப்பு: 1,79,206

இரண்டாவது பாகத்தில் ஏட்டைத் தொடவே கூடாது. வங்கி சொல்லும் எண்ணில் தொடங்கி, நாள் தாமதத்தை மட்டும் சரிசெய்கிறோம்.

ஸ்டேட்மென்ட்டின்படி இருப்பு: 2,21,156
கூட்டுக: வங்கியில் போட்டு இன்னும் வரவாகாத காசோலை 32,750
கழிக்க: பணமாக்கப்படாத காசோலைகள் (28,500 + 46,200) 74,700
திருத்திய வங்கி இருப்பு: 1,79,206

இந்த 1,79,206 ரூபாய்தான் உங்கள் இருப்புநிலைக் குறிப்பில் ஏற வேண்டிய எண். ஏட்டின் பழைய எண்ணும் அல்ல, ஸ்டேட்மென்ட்டின் எண்ணும் அல்ல. பள்ளிப் பாடத்தில் ஏட்டு இருப்பிலிருந்து தொடங்கி ஒரே ஓட்டமாக வங்கி இருப்பில் முடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் அதில் திருத்த வேண்டியதும் காத்திருக்க வேண்டியதும் கலந்துவிடும். கடைக்காரர்கள் பலர் அதை ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு, ஏட்டில் பதிவு போடாமலே விட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதப் பட்டியலிலும் அதே 590 ரூபாய் வந்து நிற்கும்.

ஆடிட்டருக்குப் பட்டியலோடு ஏப்ரல் முதல் இரண்டு வார ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அதில் 32,750 வரவாகவும், 28,500-உம் 46,200-உம் பற்றாகவும் வந்திருந்தால் அவருக்குக் கேள்வியே இருக்காது. அப்போதும் வராத காசோலை இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் ஓரத்தில் குறித்துவையுங்கள், மூன்று மாதம் எப்போது முடிகிறது என்பதையும் சேர்த்து.

கடைசியாக அந்த 14,000 ரூபாய். ஏட்டில் அதை அந்த விவசாயியின் கணக்கில் பாக்கியாக எழுதுங்கள். 354 ரூபாயும் அவரால் வந்த செலவுதான். அவரிடம் கேட்பதா, நீங்களே ஏற்பதா என்பது உங்கள் விருப்பம். நீண்ட நாள் வாடிக்கையாளர் என்றால் நான் விட்டுவிடுவேன். ஆனால் 14,000 ரூபாயைப் பொறுத்தவரை தேதியைக் கவனியுங்கள். காசோலை திரும்பியதற்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கொடுக்க அவருக்கு 15 நாள் உண்டு. தகவல் உங்கள் கைக்கு எப்போது வந்தது என்ற வாதம் பின்னால் எழலாம். எனவே பாதுகாப்புக்காக மார்ச் 19-ஐயே தொடக்கமாக வைத்துக்கொண்டால் ஏப்ரல் 18-இல் கெடு முடிகிறது. வழக்கு வரை போக வேண்டும் என்று சொல்லவில்லை. அறுவடைப் பணம் கைக்கு வராமல் காசோலை கொடுத்தவராகவும் இருக்கலாம். காசோலையின் மூன்று மாதம் முடியாதவரை அதை மறுபடியும் வங்கியில் போடவும் முடியும். முதலில் வங்கியிடமிருந்து ரிட்டர்ன் மெமோவைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் தேதியில் பணம் இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் தேதி ஏப்ரல் 18-ஐத் தாண்டினால், அதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.