பிறந்தநாள் எண்ணா, குவிக்பிக்கா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். திங்கள், வியாழன் இரண்டு குலுக்கலுக்கும் டோட்டோ லாட்டரியில் எட்டு எண் போடும் சிஸ்டம் 8 எடுக்கிறேன். பிள்ளைகளின் பிறந்தநாள் எண்களைத்தான் போடுவேன். பெரும்பாலும் இயந்திரமே எண் போட்டுத் தரும் குவிக்பிக்குக்குத்தான் பரிசு விழுகிறது, அதற்கு மாறுங்கள் என்கிறார் மச்சான். பாதிப் பங்கு அவருடையது, ஆனால் பிறகு தருகிறேன் என்பார். கையில் இல்லாதபோது கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கிறேன். கார்டில் 4,000 வெள்ளி நிற்கிறது, மாதம் 120 கட்டுகிறேன். எது சரி, ஐயா?

பதில்: வாய்ப்பு இரண்டுக்கும் ஒன்றேதான். 49 எண்ணிலிருந்து 6 எண்ணை 1,39,83,816 விதமாக எடுக்கலாம். அதில் எது விழும் என்பது, சீட்டில் எண்ணை எழுதியது உங்கள் கையா இயந்திரமா என்பதைப் பொறுத்ததல்ல. விற்கும் சீட்டில் பெரும்பகுதி குவிக்பிக் என்றால் பரிசில் பெரும்பகுதியும் அதற்கே போகும். மச்சான் பார்ப்பது அதைத்தான். 'அடிக்கடி விழும் எண்' பட்டியலுக்கு யாராவது காசு கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். போன வாரம் விழுந்தது பந்துக்குத் தெரியாது.

ஒரு வித்தியாசம் உண்டு, அது பரிசைப் பங்கிடுவதில். பிறந்தநாள் போடுகிறவர்கள் எல்லோரும் 31-க்குள்ளேயே நிற்பதால், அந்த எண்கள் விழுந்தால் பங்காளிகள் அதிகம். எல்லோரும் ஒரே மாதிரி எண் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் லாட்டரியே சாட்சி. 1995 ஜனவரியில் ஒரு குலுக்கலில் 7, 17, 23, 32, 38, 42 விழுந்தது. சுமார் 1.6 கோடி பவுண்டு முதல் பரிசை 133 பேர் பங்கிட்டார்கள், ஆளுக்கு ஒன்றே கால் லட்சம்கூட வரவில்லை. குவிக்பிக்கில் இந்தக் கூட்டம் சேருவது குறைவு. ஆனால் விழுந்த பிறகுதானே இந்தப் பேச்சு!

விழுமா என்று பாருங்கள். சிஸ்டம் 8 என்பது எட்டு எண்ணிலிருந்து ஆறாறாக எடுத்த 28 சேர்க்கை, 28 வெள்ளி. வாரம் இரண்டு வீதம் வருடத்துக்கு 2,912 வெள்ளி, 2,912 சேர்க்கை. இதே வேகத்தில் முதல் பரிசு சராசரியாக 4,800 வருடத்துக்கு ஒரு முறை. டோட்டோ விற்பனையில் 54 சதவீதம்தான் பரிசுக்குப் போகிறது. நூறு வெள்ளி போட்டால் தோராயமாக 46 போய்விடுகிறது, அதுவும் பெரிய பரிசையெல்லாம் சேர்த்த கணக்கில்.

உங்களை உண்மையில் அரிப்பது கார்டு. ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணமும். வட்டி 27 சதவீதம் என்று வைத்தால் 4,000-க்கு மாதம் 90 வெள்ளி. நீங்கள் கட்டும் 120-ல் கடன் குறைவது வெறும் 30. டோட்டோவுக்கு மாதம் 240 போகிறது. அதையும் கார்டில் போட்டு, வேறெதற்கும் ரொக்கம் எடுக்காமல் இருந்தால் 13 மாதத்தில் கடன் முடியும்.

மச்சானிடம் இந்தக் கணக்கைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அவருக்கு ஆசை இருந்தால் ஒரு வெள்ளி குவிக்பிக் ஒன்றை அவர் காசில் அவரே எடுக்கட்டும். நீங்கள் வங்கியைக் கூப்பிட்டு, கார்டில் ரொக்கம் எடுக்கும் வசதியை இந்த வாரமே நிறுத்தச் சொல்லுங்கள்.