ஒரே கடையில் இரண்டு கணக்கு: எது சேரும், எது சேராது?

கேள்வி: ஓர் இணையக் கடையில் எனக்குப் பல வருடமாகக் கணக்கு இருக்கிறது. போன மாதம் ஃபோனில் ‘ஆப்பிள் மூலம் உள்நுழை’ பட்டனை அழுத்தியதில் வேறு மின்னஞ்சலில் இன்னொரு கணக்கு உருவாகிவிட்டது. தெரியாமல் கிஃப்ட் கார்டைப் புதியதில் ஏற்றி, ஒரு ஆர்டரும் போட்டுவிட்டேன். பாயிண்ட், பழைய பில் எல்லாம் பழையதில். இரண்டையும் ஒன்றாக்க முடியுமா?

பதில்: பெரும்பாலான கடைகளில் முடியாது. நம் கண்ணுக்கு மின்னஞ்சல்தான் கணக்கு. கடையின் கணினிக்கோ, கணக்கு தொடங்கும்போது தரப்படும் வாடிக்கையாளர் எண்தான் கணக்கு. ஆர்டர், பில், ரீஃபண்ட், கிஃப்ட் கார்டு இருப்பு எல்லாம் அந்த எண்ணின் பேரில் பதிவாகின்றன. ஒருவர் பேரில் போட்ட பில்லை இன்னொருவர் பேருக்கு மாற்றுவது கணக்குவழக்கில் சிக்கல் என்பதால் கடைகள் அதைத் தொடுவதில்லை. மின்னஞ்சல் அந்த எண்ணின் மேல் ஒட்டிய சீட்டுதான். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் விஷயத்தில் ‘மின்னஞ்சலை மறை’ என்ற தேர்வு நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கடைக்குப் போவது உங்கள் முகவரி அல்ல, `@privaterelay.appleid.com` என்று முடியும் ஒரு மாற்று முகவரி. புதிய கணக்கின் விவரப் பக்கத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். ஜிமெயிலில் இன்னொரு வழியாகவும் இது நடக்கும்: பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் வரும், ஆனால் பல கடைகள் அவற்றை இரண்டு ஆட்களாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே எந்த மின்னஞ்சல் பிடிக்கும் என்று பார்த்துக் கணக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நகர்த்த முடியாதது எதில் அதிகமோ, அதை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது பழைய கணக்கு. வருடக்கணக்கான பில்லும் வாரண்டிக்கான ஆதாரமும் அங்கேதான் இருக்கின்றன.

புதியதில் உள்ள பணத்தை அங்கேயே செலவழியுங்கள். சுரண்டி எண் ஏற்றாத கிஃப்ட் கார்டை எந்தக் கணக்கிலும் போடலாம். ஏற்றிய பிறகு அது அந்தக் கணக்கின் இருப்பாகிவிடும், பொதுவாக வெளியே எடுக்க முடியாது. தேவையான ஒரு பொருளை வாங்கி, மீதித் தொகையை உங்கள் கார்டில் கட்டினால் இருப்பு பூஜ்யமாகும். ஆனால் அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால், கிஃப்ட் கார்டிலிருந்து போன பங்கு மறுபடி அதே கணக்குக்குத்தான் வரும். அளவு சரியாக இருக்குமா என்ற சந்தேகம் உள்ள துணி, செருப்பு போன்றவற்றை இதற்கு வாங்க வேண்டாம்.

பாயிண்ட் மட்டும் சில இடங்களில் விதிவிலக்கு. கடை ஊழியர் கையால் ஏற்றவும் இறக்கவும் கூடியது அது. புதியதிலும் பாயிண்ட் சேர்ந்திருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள்: இரண்டு மின்னஞ்சல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆர்டர் எண், எதிலிருந்து எதற்கு என்ற ஒரே வரி. ‘கணக்கை இணையுங்கள்’ என்று கேட்டால் ‘முடியாது’ என்ற தயார் பதில்தான் வரும். ‘பாயிண்ட்டை மாற்றுங்கள்’ என்று கேளுங்கள். முகவரி, கார்டு விவரங்களைப் புதிதாக உள்ளிட வேண்டியதுதான். எழுதிய விமர்சனங்கள் போட்ட இடத்திலேயே நிற்கும்.

மின்புத்தகம், படம், ஆப் போன்றவற்றின் உரிமமும் வாங்கிய கணக்கோடு ஒட்டியது. ஆப்பிள் 2025 பிப்ரவரியில் தன் கணக்குகளுக்கிடையே வாங்கியவற்றை மாற்ற வழி திறந்தது. அதுவும் எல்லா நாடுகளிலும் இல்லை.

பழைய கணக்கில் புதிய மின்னஞ்சல்தான் வேண்டும் என்றால் வரிசை முக்கியம். ஒரு மின்னஞ்சலில் ஒரு கணக்குதான் என்பதால் நேரடியாக மாற்றப் போனால் ‘ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று நிற்கும். முதலில் புதிய கணக்கின் மின்னஞ்சலை மூன்றாவது ஒரு முகவரிக்கு மாற்றுங்கள். பிறகு விடுபட்ட முகவரியைப் பழையதில் போடுங்கள். ஓடிபி வரும் ஃபோன் எண்ணுக்கும் இதே வரிசை. கணக்கை மூடினால் முகவரி விடுபடும் என்று நினைத்து முதலிலேயே மூடுவதுதான் பெரிய தவறு: மூடிய கணக்கின் முகவரியைச் சில கடைகள் திரும்பப் பயன்படுத்த விடுவதில்லை.

மூடுவது கடைசி வேலை. புதியதில் உள்ள ஆர்டர் வந்து சேர்ந்து, ரிட்டர்ன் கெடு முடிந்து, பாக்கி ரீஃபண்ட் வங்கியில் விழுந்திருக்க வேண்டும். பில்களைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். மூடிய பின் அவை கிடைக்காது. மாதச் சந்தா ஓடினால் கட்டிய காலம் முடியும்வரை விட்டு, பிறகு பழையதில் தொடங்குங்கள். ஃபோனில் ஆப்பிள் உள்நுழைவுப் பட்டியலிலிருந்து அந்தக் கடையை நீக்குவதும் கணக்கை மூடிய பிறகுதான். முன்பே நீக்கினால் மாற்று முகவரிக்கு வரும் கடிதம் நின்றுவிடும். மூடுவதை உறுதிசெய்யும் கடிதமும் உங்களுக்கு வராது.