காதில் வந்த தழும்பு கழுத்திலும் வருமா?

கேள்வி: எனக்கு 26 வயது. கறுப்பு நிறம். 19 வயதில் இரண்டாவது காது குத்திக்கொண்டேன். அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு தடித்து வளர்ந்துவிட்டது. குழந்தையில் குத்திய துளையில் எதுவும் இல்லை. இப்போது தைராய்டில் வலது பக்கம் ஒரு கட்டி. ஊசிப் பரிசோதனையில் சந்தேகம் என்று வந்ததால், பாதித் தைராய்டை எடுக்க வேண்டும் என்கிறார்கள். கறுப்புத் தோலுக்குத் தழும்பு இப்படித்தான் ஆகும் என்கிறார் அக்கா. கழுத்திலும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா டாக்டர்?

பதில்: தழும்புக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஊசிப் பரிசோதனையில் கட்டி சாதாரணமானது என்று வந்திருந்தால், அளவும் சிறியதாக இருந்தால், அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று நானே சொல்லியிருப்பேன். சந்தேகம் என்று வந்த பிறகு கணக்கு வேறு. தழும்பு வந்தால் அதற்கு வைத்தியம் செய்ய வழி இருக்கிறது. புற்றுநோயாக இருக்கக்கூடிய ஒன்றை உள்ளே விட்டுவைப்பது அப்படியல்ல. ஆனால் உங்கள் காதைப் பார்க்காமலே யாரும் உங்கள் கழுத்தில் கத்தி வைக்கக் கூடாது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

உங்கள் காதில் இருப்பதற்குக் கெலாய்ட் என்று பெயர். நண்டின் கொடுக்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர். காயத்தின் ஓரத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்குள் கொடுக்கு நீட்டுவதுதான் இதன் அடையாளம். காயம் பட்ட கோட்டுக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு வேறு வகை. அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே அமுங்கிவிடும். உங்களுக்குக் குத்தியது ஊசி முனை அளவு, வளர்ந்தது புளியங்கொட்டை அளவு. அதனால் இது கெலாய்ட்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அக்கா சொன்னதில் பாதி சரி. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது மிக அதிகம், வெள்ளையரிடம் மிகக் குறைவு, நம்மவர்களிடமும் அடிக்கடி பார்க்கிறோம். அதனால் கறுப்பு நிறம்தான் காரணம் என்று பல காலம் மருத்துவர்களே நம்பினார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஏதோ செய்கிறது என்றார்கள். தான்சானியாவில் அல்பினிசம் உள்ளவர்களைப் பரிசோதித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அவர்களுக்குப் பிறவியிலேயே மெலனின் உற்பத்தி மிகக் குறைவு. ஆனாலும் அதே ஊர்க் கறுப்புத் தோல்காரர்களுக்கு வரும் அளவுக்கு அவர்களுக்கும் கெலாய்ட் வந்திருந்தது. ஜப்பானியர், சீனர் தோல் நம்மைவிட எவ்வளவு வெளிர்! அவர்களுக்கும் ஐரோப்பியர்களைவிடக் கெலாய்ட் அதிகம். 2010-இல் ஜப்பானில் நடந்த மரபணு ஆய்வு, இந்தப் போக்கோடு தொடர்புள்ள இடங்களை மூன்று குரோமோசோம்களில் கண்டுபிடித்தது.

ஆக, நிறம் வம்சாவளியின் அடையாளம் மட்டும்தான். கறுப்பு நிறமும் கெலாய்ட் வரும் தன்மையும் ஒரே முன்னோர்களிடமிருந்து சேர்ந்து வந்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றை உண்டாக்கவில்லை. கோளாறு நடப்பது தோலின் அடி அடுக்கில். காயம் பட்டால் அங்கிருக்கும் நார்ச்செல்கள் கொலாஜன் என்ற நாரைப் பின்னி இடைவெளியை அடைக்கும். வேலை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கெலாய்ட் வரும் உடம்பில் அந்த நிறுத்தும் கட்டளை சரியாகப் போய்ச் சேர்வதில்லை. மேலே தோல் மூடிய பிறகும் அடியில் அழற்சி புகைந்துகொண்டே இருக்கும், நார் குவிந்துகொண்டே போகும். அதனால்தான் அரிக்கிறது, சிலருக்குச் சுருக்சுருக்கென்று குத்துகிறது.

குழந்தையில் குத்திய துளை ஏன் சும்மா இருக்கிறது என்பதற்கும் விடை உண்டு. இந்தத் தன்மை பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல் முப்பது வயதுக்குள் தலைகாட்டும். நம் வீடுகளில் மொட்டையடித்துக் காது குத்தும் வயதில் அது தூங்கிக்கொண்டிருக்கும். குடும்பத்தில் கெலாய்ட் இருந்தால், பதினொரு வயதுக்கு முன் குத்திய காதுகளில் அது குறைவாகவே வருகிறது. அதே காரணத்தால்தான் பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு தட்டையாக இருக்கிறதே என்று நான் ஆறுதல் அடைவதில்லை. பருவ வயதுக்குப் பிறகு பட்ட காயங்கள் எப்படி ஆறின என்றுதான் கேட்பேன். சைக்கிளிலிருந்து விழுந்தது, முகப்பரு, அம்மை, எல்லாவற்றையும் கேட்பேன். அப்பா அம்மா, உடன்பிறந்தவர்களுக்கு இருக்கிறதா என்றும் கேட்பேன். உங்கள் அறுவை நிபுணர் இதையெல்லாம் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். முடியை ஒதுக்கிக் காதைக் காட்டுங்கள். தைராய்டுக்கு வந்தவரின் காதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

அடுத்து, இடம். காதுமடல், நெஞ்செலும்பின் மேல், தோள், மேல் முதுகு, தாடை ஓரம் ஆகியவை கெலாய்டுக்குப் பிடித்த இடங்கள். தோல் எங்கே எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறதோ அங்கே அதிகம். காதுமடல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. கழுத்தின் முன்பக்கம் நெஞ்சு அளவுக்கு மோசமில்லை. காதில் வந்த எல்லோருக்கும் கழுத்திலும் வருவதில்லை. ஆனால் கோடு இரண்டு விரல் கீழே இறங்கினால் நெஞ்செலும்பின் எல்லைக்குப் போய்விடும். ஆபரேஷன் மேஜையில் தோளுக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். அப்போது தோல் மேலே ஏறிக்கொள்ளும். அந்த நிலையில் கோடு போட்டால், நீங்கள் எழுந்து உட்காரும்போது அது கீழே வந்து நிற்கும். ஆகவே மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே, கழுத்தில் இயற்கையாக விழும் மடிப்பில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை இது.

தையலிலும் விஷயம் இருக்கிறது. இழுவையை எல்லாம் அடியில் இருக்கும் தசை அடுக்கின் தையல் தாங்க வேண்டும். மேல்தோல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். ரத்தம் வடிய ட்யூப் வைத்தால் அதற்குத் தனித் துளை போடாமல் முடிந்தவரை அதே வெட்டு வழியாக விடலாம். ஒவ்வொரு துளையும் இன்னொரு காது குத்து மாதிரிதான். தழும்பில்லாத ஆபரேஷன் என்று சிலர் சொல்வதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கீழுதட்டின் உட்புறம் வழியாகச் செய்வது உங்களைப் போன்றவருக்கு நல்ல யோசனை. வாய்க்குள் கெலாய்ட் வருவது மிக அரிது. ஆனால் கட்டியின் அளவும் தன்மையும் இடம் கொடுக்க வேண்டும், செய்பவருக்கு நல்ல பழக்கமும் வேண்டும். மார்பில் துளை போட்டுச் செய்யும் முறை உங்களுக்கு வேண்டாம். கழுத்தைக் காப்பாற்றப் போய், கெலாய்டுக்கு இன்னும் பிடித்த இடத்தில் மூன்று காயம் வாங்கியதாகிவிடும்.

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். தையல் முழுதாக மூடியதும், சுமார் இரண்டு வாரத்தில், சிலிக்கோன் பட்டையை ஒட்ட ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளில் 12 மணி நேரமாவது, குறைந்தது மூன்று மாதம். நம் ஊர் வியர்வைக்குப் பட்டையின் அடியில் வேர்க்குரு வந்தால் சிலிக்கோன் ஜெல்லாக மாற்றிக்கொள்ளலாம். தழும்பு நன்றாக ஆறிவிட்டது என்று ஒரு மாதத்தில் விட்டுவிடாதீர்கள். கெலாய்ட் சில மாதம் கழித்தும் கிளம்பும், ஒரு வருடம் கழித்தும் கிளம்பும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் கறுப்புத் தோலில் ஒரு சிக்கல். புத்தகங்களில் சிவந்திருந்தால் கவனி என்று போட்டிருக்கும். நம் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. கரும்பழுப்பாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ தெரியும், அல்லது எதுவுமே தெரியாது. அதனால் கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். வாரம் ஒரு முறை கோட்டை விரலால் வருடிப் பாருங்கள். எங்கேயாவது நூல் போல கெட்டியாகத் தட்டுப்பட்டால், அந்த இடம் அரித்தால், பளபளத்தால், அடுத்த வாரமே போங்கள். அப்போது ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைத் தழும்புக்குள்ளேயே மாதம் ஒரு முறை போட்டால் அமுங்கிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. புளியங்கொட்டை ஆன பிறகு போனால் பாடு அதிகம்.

நிறம் உண்மையிலேயே கணக்கில் வருவது இந்தச் சிகிச்சையில்தான். ஸ்டீராய்டு ஊசி போட்ட இடத்தைச் சுற்றித் தோல் வெளுக்கலாம். வெளிர்த்தோலில் அது தெரியாது, நமக்குப் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல நிறம் திரும்பும். உறைய வைக்கும் சிகிச்சையில் நிறச்செல்களே செத்துப்போகலாம், வெள்ளைத் திட்டு நிரந்தரமாகிவிடும். ஆகவே கழுத்தில் ஊசியைக் குறைந்த வீரியத்தில் ஆரம்பிப்பார்கள். உறைய வைப்பதை நான் உங்கள் கழுத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கெலாய்டை வெட்டியதும் கதிர்வீச்சு கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது, அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 26 வயதில், மீதித் தைராய்டு அடியில் இருக்கும்போது, கழுத்துக்கு அது வேண்டாம்.

காதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தைராய்டு ஆபரேஷனோடு சேர்த்து அதையும் வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெறுமனே வெட்டினால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வளரும். என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவிக்கு அப்படித்தான் ஆனது. எங்கோ ஓரிடத்தில் அரை மணி நேரத்தில் வெட்டித் தைத்து அனுப்பிவிட்டார்கள். பட்டாணி அளவு இருந்தது எட்டு மாதத்தில் நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. நாங்கள் முதலில் மூன்று மாதம் ஊசி போட்டு அதை மிருதுவாக்கினோம். பிறகு வெட்டினோம், தையல் போட்ட கையோடு ஓரங்களில் ஊசி போட்டோம். அடுத்த ஐந்து மாதமும் மாதம் ஒன்று. இரவெல்லாம் காதை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். காதின் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்தது, நிறம் திரும்ப ஒரு வருடம் பிடித்தது. இரண்டு வருடம் ஆகியும் கட்டி திரும்பவில்லை. இன்னும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் காதுக்கும் இதே வழியில் பார்க்கலாம், ஆனால் கழுத்து ஆறிய பிறகு. கழுத்துத் தழும்பு முதல் ஆறு மாதத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால், காதை எவ்வளவு தைரியமாக அணுகலாம் என்று முடிவு செய்ய எனக்கும் சுலபம். அதுவரை அங்கே கம்மல் போடாதீர்கள், மூன்றாவது துளையும் வேண்டாம்.