வட்டிக் குறைப்பு தாமதமானால் வேலையின்மை ஏன் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை?

கேள்வி: குடிமைப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரத்தை விருப்பப் பாடமாகப் படிக்கிறேன். மந்தம் வந்தால் மத்திய வங்கி வட்டியை மெதுவாகக் குறைத்தாலும், கடைசியில் வேலையின்மை தன் இயல்பு விகிதத்துக்கே வந்துவிடும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படியானால் ஆரம்பத்திலேயே வேகமாகக் குறைக்க வேண்டும் என்று ஏன் வாதாடுகிறார்கள்? பதிலில் எந்த ஆதாரத்தை எழுதலாம்?

பதில்: உங்கள் பாடப்புத்தகம் சொல்வது மில்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் 1960-களின் இறுதியில் முன்வைத்த கருத்து. பணவீக்கம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் வேலையின்மை அளவே இயல்பு விகிதம். அதைத் தொழிற்சந்தையின் அமைப்பு தீர்மானிக்கிறது, வட்டி விகிதத்தால் அதைத் தொட முடியாது என்பது அதன் சாரம். அது உண்மையென்றால் தாமதத்தின் விலை சில வருடத் துன்பத்தோடு முடிந்துவிடும். ஆனால் மந்தம் நீடித்தால் அந்த இயல்பு விகிதமே மேலே ஏறிவிடும் என்றால் கணக்கு மாறுகிறது. இதைத்தான் ஹிஸ்டெரிசிஸ் என்கிறார்கள். பள்ளி இயற்பியலில் 'காந்தத் தயக்கம்' என்று படித்திருப்பீர்கள். காந்தப்புலத்தை விலக்கிய பிறகும் இரும்பில் கொஞ்சம் காந்தத்தன்மை தங்கிவிடும். அதே சொல்லைத்தான் ஒலிவியே பிளாஞ்சார்டும் லாரன்ஸ் சம்மர்ஸும் 1986-இல் ஐரோப்பாவின் வேலையின்மையை விளக்க எடுத்தாண்டார்கள்.

பதிலுக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டை முழுதாக எழுதுங்கள். நான் தேர்ந்தெடுப்பது 1980-களின் பிரிட்டனும் அமெரிக்காவும். இரண்டு நாடுகளும் பெரிய பணவீக்கத்தோடு அந்தப் பத்தாண்டுக்குள் நுழைந்தன, கடுமையான வட்டியால் அதை அடக்கின, இரண்டிலும் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு அப்புறம்தான் பாதை பிரிகிறது.

அமெரிக்காவில் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், 1982 ஜூலை முதல் டிசம்பர் வரை, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை அரை அரை சதவீதமாக ஏழு முறை குறைத்தது. 12 சதவீதம் 8.5 ஆனது. நாள்களைக் கவனியுங்கள்: வேலையின்மை 10.8 சதவீத உச்சத்தைத் தொட்டதே அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில்தான். அதாவது மந்தம் முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1984 முடிவில் வேலையின்மை 7 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது, 1988-இல் 5.5.

பிரிட்டனில் வேலையின்மை 1979-இல் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 1984-இல் 12-ஐ நெருங்கியது. 1985 ஜனவரியில் பவுண்டின் மதிப்பு ஒரு டாலரை நெருங்கிச் சரிந்தபோது, வேலையின்மை 11 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே, வட்டியை 14 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள். வேலையின்மை 1986 வரை அந்த 11-க்குக் கீழே இறங்கவில்லை.

இதில் ஒரு தடயம் இருக்கிறது, அதைப் பதிலில் விட்டுவிடாதீர்கள். பிரிட்டனின் பணவீக்கம் 1980-இல் 18 சதவீதம், 1983-இல் 5-க்கும் கீழே. அதுவரை பாடப்புத்தகப்படி எல்லாம் சரி. இயல்பு விகிதம் இன்னும் 5 சதவீதத்திலேயே இருந்திருந்தால், 11 சதவீத வேலையின்மை பணவீக்கத்தைத் தொடர்ந்து கீழே தள்ளிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகள் அது 5 சதவீதத்தைச் சுற்றியே ஆடியது. வேலை இல்லாதவர்கள் முப்பது லட்சம் பேர் இருந்தும், கூலியை இறக்கும் அழுத்தம் வற்றிவிட்டது.

ஏன் வற்றியது? அந்த முப்பது லட்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பேர் ஒரு வருடத்துக்கும் மேலாக வேலையில்லாமல் இருந்தவர்கள். ஆள் எடுப்பவரின் பார்வையில் அவர்கள் போட்டியிலேயே இல்லை. இதை அமெரிக்காவில் பின்னாளில் நேரடியாகச் சோதித்தார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கற்பனையான சுமார் 12,000 விண்ணப்பங்களை 100 நகரங்களின் உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். எத்தனை மாதமாக வேலையில்லை என்பதை அவர்களே குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதினார்கள். ஒரு மாதம் சும்மா இருந்தவரோடு ஒப்பிட்டால், எட்டு மாதம் சும்மா இருந்தவருக்கு வந்த அழைப்புகள் பாதிக்கு அருகில் குறைந்துவிட்டன. படிப்பிலும் அனுபவத்திலும் குறை ஏதும் இல்லை, தேதி ஒன்றுதான் வேறு. சரிவின் பெரும்பகுதி அந்த முதல் எட்டு மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. வட்டிக் குறைப்பை 'ஆரம்பத்திலேயே' என்று வலியுறுத்துவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒன்றரை வருடம் கழித்துக் குறைத்தால், அந்தக் குறைப்பு, ஆள் எடுப்பவர்கள் ஒதுக்கிவிட்ட தொழிலாளர் கூட்டத்தைத்தான் சந்திக்கும்.

ஒரு சிறு கணக்கும் போடுங்கள். எண்கள் விளக்கத்துக்கானவை. இயல்பு விகிதம் 5, மந்தத்தில் உண்மை விகிதம் 9. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு ஒவ்வொரு ஆண்டும் இயல்பு விகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். வேலையின்மை நான்கு ஆண்டு 9-லேயே நின்றால் இயல்பு விகிதம் 5.8, 6.4, 7 என்று ஏறி 7.4-இல் வந்து நிற்கும். வேகமாகத் தளர்த்தி இரண்டாம் ஆண்டு 7-க்கும் மூன்றாம் ஆண்டு 6-க்கும் கொண்டுவந்தால் அது 6-ஐ ஒட்டி நின்றுவிடும். ஒரு கோடி தொழிலாளர்கள் உள்ள நாட்டில் இந்த வித்தியாசம் சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர். முதல் பாதையில் இன்னொன்றும் நடக்கிறது. ஒருவருக்குக்கூட வேலை கிடைக்காமலேயே இடைவெளி 4-இலிருந்து 1.6 ஆகச் சுருங்குகிறது. பணவீக்கம் இறங்குவது நிற்கிறது. உடனே மத்திய வங்கி, 'இதுதான் இயல்பு, இனித் தளர்த்தினால் விலை ஏறும்' என்று முடிவுக்கு வருகிறது. தன் தாமதம் உண்டாக்கிய எண்ணையே தன் தாமதத்துக்குக் காரணமாகக் காட்டுகிறது. இந்தச் சுழலைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

தேர்வாளர் எதிர்க்கேள்வி கேட்பார்: பிரிட்டனில் தொழிற்சங்கங்களும் வேலையில்லாதோர் உதவித்தொகையும் காரணமாக இருக்கலாமே? அவற்றுக்குப் பங்கு உண்டு. உதவித்தொகை நீண்டகாலம் கிடைக்கும் நாடுகளில், நீண்ட மந்தம் இன்னும் ஆழமாகப் பதிந்தது என்று லாரன்ஸ் பால் 1990-களில் பல நாடுகளை ஒப்பிட்டுக் காட்டினார். ஆனால் வேலையின்மை 2 சதவீதத்தை ஒட்டி இருந்த 1960-களிலும் அந்தச் சங்கங்கள் வலுவாகத்தான் இருந்தன. 1980-களில் அவற்றின் பலத்தைக் குறைக்கத் தொடங்கிய பிறகும் 1986 வரை வேலையின்மை இறங்கவில்லை.

இந்த வாதத்தின் எல்லையையும் எழுத வேண்டும். 1982-இல் அமெரிக்கா துணிந்து குறைத்தபோது பணவீக்கம் ஏற்கெனவே வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. பணவீக்க எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது, அல்லது எண்ணெய் விலை போன்ற அதிர்ச்சியால் மந்தம் வரும்போது, அதே மருந்து 1970-களின் பெரும் பணவீக்கத்தைத்தான் திரும்பக் கொண்டுவரும். தேவை சரிந்ததால் வந்த மந்தத்துக்கே இந்த வாதம் முழுதாகப் பொருந்தும். ஏறிய விகிதம் இறங்கவே இறங்காது என்றும் எழுதிவிடாதீர்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் இயல்பு விகிதம் ஏறிவிட்டது என்று பலர் கணித்தார்கள். ஆனால் 2019-இல் வேலையின்மை 3.5 சதவீதத்துக்கு இறங்கியும் பணவீக்கம் 2 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அந்த மீட்சிக்குப் பத்து ஆண்டு பிடித்தது.

நடப்பு நிலவரத்தை வைத்துக் கேள்வி வந்தால், மொத்த வேலையின்மை விகிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, வேலையில்லாதவர்களில் ஒரு வருடத்தைத் தாண்டியவர்களின் பங்கு. மற்றொன்று, காலியிடங்களின் எண்ணிக்கை. காலியிடம் கூடியும் வேலையின்மை அசையாமல் நின்றால், ஹிஸ்டெரிசிஸ் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். முதல் எண் இன்னும் சிறிதாக இருக்கும்போது வட்டியைக் குறைத்தால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும்.